பேச்சு மாறினால் ஆட்டத்தை நிறுத்துங்கள்: மே மாத முகாமும் வெயிலும்

கேள்வி: திருச்சி பக்கம் ஒரு பள்ளியில் உடற்கல்வி ஆசிரியராக இருக்கிறேன். மே மாதம் 20 நாள் கால்பந்து முகாம் நடத்துகிறோம். 13 முதல் 16 வயது வரை 38 பிள்ளைகள். காலை 6.30 முதல் 9.30 வரை, மாலை 3.30 முதல் 6 வரை. நடு மதியத்தை விட்டுவிட்டுத்தான் நேரம் போட்டிருக்கிறோம். ஆனாலும் போன வருஷம் ஒரு பையன் மைதானத்தில் சுருண்டு விழுந்தான். வெயிலால் வந்ததா, வேறு ஏதாவதா என்று எங்களுக்குப் புரியவில்லை. எப்படிக் கண்டுபிடிப்பது? நேரத்தை எப்படி மாற்றுவது?

பதில்: சார், உங்கள் கடிதத்தைப் படித்ததும் பல வருஷங்களுக்கு முன்னால் நான் பார்த்த ஒரு காலைதான் கண்முன் வந்தது. அதைச் சொல்லிவிட்டே தொடங்குகிறேன். நீங்கள் கேட்ட இரண்டுக்கும் பதில் அதிலேயே இருக்கிறது.

அப்போது நான் ஒரு முகாமில் உதவிப் பயிற்சியாளர். இரண்டாம் நாள், காலை 8.40. மணியைக் கவனியுங்கள், மதியம் இல்லை. பதினைந்து வயதுப் பையன். விடுமுறைக்குப் பாட்டி வீட்டுக்குப் போய், இரண்டு வாரம் ஓடாமல் இருந்துவிட்டு வந்தவன். முந்தின நாள் ராத்திரி வயிற்றுப்போக்கு. சொன்னால் அணியிலிருந்து எடுத்துவிடுவார்களோ என்று யாரிடமும் சொல்லவில்லை. கடைசிப் பதினைந்து நிமிஷம் வேக ஓட்டம் வைத்திருந்தோம். எப்போதும் வாயடித்துக்கொண்டே ஓடுகிற பிள்ளை, அன்றைக்கு வாயே திறக்கவில்லை. அப்புறம் பந்தை எதிரணிப் பையனிடம் நேராகக் கொடுத்தான். "என்னடா?" என்று ஒருவன் கேட்டதற்கு அவனைக் கெட்ட வார்த்தையில் திட்டினான். அப்படிப் பேசுகிற பிள்ளையே இல்லை. நாங்கள் அதைத் திமிர் என்று எடுத்துக்கொண்டு, தண்டனையாக இன்னொரு சுற்று ஓடச் சொன்னோம். பாதிச் சுற்றில் கால் பின்னி விழுந்தான்.

உடம்பு முழுக்க வியர்வை, சட்டையைப் பிழிந்தால் தண்ணீர் கொட்டும். வியர்க்கிறதே, அதனால் வெயில் அடித்திருக்காது என்று ஒரு பெரியவர் சொன்னார். கை கால் வெட்டி இழுத்ததும் வலிப்பு என்று ஒருவர் இரும்புச் சாவியைக் கையில் திணித்தார். அக்குளில் வைத்த தெர்மாமீட்டர் 100 காட்டியது. லேசான காய்ச்சல்தான் என்று நம்பி, ஆட்டோவில் தூக்கிப் போட்டு 25 நிமிஷம் போனோம். மருத்துவமனையில் ஆசனவாய் வழியாகப் பார்த்தபோது 106. அடுத்த நாள் அவனுடைய சிறுநீர் கோலா நிறத்தில் வந்தது. தசைகள் சிதைந்து அந்தக் கழிவு சிறுநீரகத்தில் இறங்கியிருந்தது. பிழைத்தான். ஆனால் அன்று நாங்கள் மைதானத்திலேயே செய்திருக்க வேண்டிய எதையும் செய்யவில்லை.

இதில் தெரிந்துகொள்ள வேண்டிய முதல் விஷயம், சூடு வெயிலிலிருந்து மட்டும் வருவதில்லை. ஓடும்போது தசை செலவழிக்கிற சக்தியில் முக்கால் பங்குக்கு மேல் சூடாகத்தான் வெளியே வருகிறது. அந்தச் சூட்டை வியர்வை ஆவியாகி எடுத்துக்கொண்டு போக வேண்டும். காற்றில் ஈரம் அதிகமாக இருந்தாலோ, உடம்பில் தண்ணீர் குறைந்திருந்தாலோ, பிள்ளை இன்னும் வெயிலுக்குப் பழகாமல் இருந்தாலோ சூடு உள்ளேயே தங்கிவிடும். அதனால்தான் காலை எட்டரை மணிக்கும் பிள்ளைகள் விழுகிறார்கள்.

இரண்டாவது, வெயிலில் கிடந்த முதியவருக்கு வருகிற ஹீட் ஸ்ட்ரோக்கும், ஓடுகிற பிள்ளைக்கு வருகிற ஹீட் ஸ்ட்ரோக்கும் பார்க்க ஒன்று போல இருக்காது. முதியவருக்குத் தோல் பெரும்பாலும் காய்ந்து கொதிக்கும். ஓடுகிற பிள்ளைக்கு வியர்வை வழிந்துகொண்டே இருக்கலாம். எனவே தோலைத் தொட்டுப் பார்த்து முடிவு எடுக்காதீர்கள். மூளையைப் பாருங்கள். உள் சூடு 104-ஐத் தாண்டும்போது முதலில் தடுமாறுவது அதுதான். பேச்சு மாறும், குணம் மாறும், காரணமில்லாமல் கோபம் வரும் அல்லது அழுகை வரும், நேர்க்கோட்டில் நடக்க முடியாது, யாருக்குப் பந்து தர வேண்டும் என்பதே மறந்துபோகும்.

நான் இப்போது பயன்படுத்துவது மூன்று கேள்விகள். "இன்னைக்கு என்ன கிழமை? காலைல என்ன சாப்பிட்ட? உன் பக்கத்துல ஓடினது யாரு?" மூன்றுக்கும் தெளிவாகப் பதில் சொல்லிவிட்டு "சார், தலை வலிக்குது, வாந்தி வர்ற மாதிரி இருக்கு, முடியல" என்கிற பிள்ளைக்கு வந்திருப்பது வெப்பக் களைப்பு. நிழலில் படுக்க வைத்து, காலை உயர்த்தி, சட்டையைக் கழற்றி, ஈரத் துணியால் துடைத்து, உப்புப் போட்ட மோரோ ஓ.ஆர்.எஸ். கரைசலோ கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தால் இருபது நிமிஷத்துக்குள் தேறி வரும். அன்றைக்கு அதோடு ஆட்டம் போதும். பதிலில் குழப்பம் இருந்தால், அல்லது இருபது நிமிஷத்துக்குப் பிறகும் தேறவில்லை என்றால், அது ஹீட் ஸ்ட்ரோக் என்றே நினைத்துக்கொண்டு வேலையைத் தொடங்குங்கள். இன்னொன்றும் சொல்ல வேண்டும். சில பிள்ளைகள் விழுந்தபின் சில நிமிஷம் நன்றாகப் பேசிவிட்டுத் திரும்பவும் மங்கிவிடுவார்கள். "பேசிட்டான், சரியாப் போச்சு" என்று விட்டுவிட்டு நகராதீர்கள். பக்கத்திலேயே இருந்து ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தரம் கேட்டுக்கொண்டே இருங்கள்.

ஓடி முடித்துச் சட்டென்று நின்றதும் கண் இருட்டி விழுகிற பிள்ளையும் உண்டு. காலில் ரத்தம் தேங்கி, தலைக்குப் போதுமான அளவு போகாததால் வருவது அது. படுக்க வைத்துக் காலைத் தூக்கினால் ஒன்றிரண்டு நிமிஷத்தில் எழுந்துவிடும், பேச்சிலும் குழப்பம் இருக்காது. கெண்டைக்கால் இழுத்துக்கொள்வதும் தனி விஷயம். ஆனால் விழுந்த பிள்ளை மூச்சே விடவில்லை என்றால் அது இதயம். அப்போது வெயிலை மறந்துவிட்டு நெஞ்சை அழுத்தத் தொடங்குங்கள், 108-ஐக் கூப்பிடச் சொல்லுங்கள்.

அக்குள், நெற்றி, காது ஆகியவற்றில் வைக்கிற தெர்மாமீட்டர்கள் ஓடிவந்த உடம்பில் பொய் சொல்லும். வியர்வையும் காற்றும் தோலைக் குளிர்வித்திருக்கும், உள்ளே கொதித்துக்கொண்டிருக்கும். ஆசனவாய் வழியாகப் பார்ப்பது ஒன்றுதான் நம்பகமானது. அதைப் பயிற்சி பெற்றவர் செய்ய வேண்டும், நம் பள்ளிகளில் அப்படி ஒருவர் இருப்பதில்லை. பரவாயில்லை. எண் தெரியாவிட்டாலும் குழப்பம் தெரிகிறதே, அதுவே போதும். அக்குளில் 100 என்று காட்டியதற்காக மட்டும் குளிர்விப்பதை நிறுத்திவிடாதீர்கள்.

இப்போது குளிர்விக்கிற விஷயத்துக்கு வருகிறேன். மருத்துவமனைக்குக் கொண்டுபோவதற்கு முன்னால் மைதானத்திலேயே குளிர்விக்க வேண்டும். 108-ஐ உடனே கூப்பிடுங்கள், ஆனால் வண்டி வரும்வரை கையைக் கட்டிக்கொண்டு நிற்காதீர்கள். விழுந்த அரை மணி நேரத்துக்குள் உள் சூட்டை 102 பக்கம் இறக்கிவிட்டால் பிள்ளை பிழைத்துக்கொள்ளும். தாமதமாகிற ஒவ்வொரு நிமிஷமும் ஈரல், சிறுநீரகம், மூளை என்று உள்ளே வெந்துகொண்டிருக்கிறது. அமெரிக்காவில் ஃபால்மவுத் என்ற ஊரில் ஆகஸ்ட் மாதம் ஒரு சாலை ஓட்டம் நடக்கிறது. அங்கே 18 வருஷத்தில் 274 பேருக்கு ஹீட் ஸ்ட்ரோக் வந்தது. எல்லோரையும் பந்தயம் முடிகிற இடத்திலேயே ஐஸ் தண்ணீர்த் தொட்டியில் இறக்கினார்கள். ஒருவர்கூட சாகவில்லை.

நமக்குத் தொட்டி வேண்டும் என்றுகூட இல்லை. ஒரு தார்ப்பாய் போதும். பிள்ளையை நடுவில் படுக்க வைத்து, ஆறேழு பேர் ஓரங்களைத் தொட்டில் மாதிரித் தூக்கிப் பிடிக்க, பத்துப் பன்னிரண்டு வாளித் தண்ணீரை ஊற்றி ஐஸ் கட்டிகளை உடைத்துப் போடுங்கள். நெஞ்சு, வயிறு, தொடை எல்லாம் தண்ணீருக்குள் இருக்கட்டும். தலை மட்டும் வெளியே இருக்க வேண்டும். ஒரு பெரியவர் பின்னால் உட்கார்ந்து, இரண்டு அக்குளுக்கும் கீழே துண்டைக் கொடுத்துப் பிடித்துக்கொள்ள வேண்டும், நழுவிவிடக் கூடாது. தண்ணீரைக் கையால் அலசிக்கொண்டே இருங்கள். அசையாத தண்ணீரில் தோலை ஒட்டிய பகுதி சீக்கிரம் வெதுவெதுப்பாகிவிடும், அதற்கு மேல் சூட்டை இழுக்காது. இப்படிப் பத்து முதல் பதினைந்து நிமிஷம் செய்தால் உள் சூடு ஏறக்குறைய ஒன்றரையிலிருந்து இரண்டரை டிகிரி செல்சியஸ் இறங்கும். ஐஸ் இல்லையென்றால் நிலத்தடித் தொட்டித் தண்ணீரும் வேலை செய்யும், கொஞ்சம் மெதுவாக. மாடித் தொட்டித் தண்ணீர் மே மாதத்தில் சுடும், அதை எடுக்காதீர்கள்.

இந்த இடத்தில் யாராவது ஒருவர் கட்டாயம் குறுக்கே வருவார். "சூடான உடம்புல ஐஸ் தண்ணி ஊத்தாதீங்க, ஜன்னி கண்டுரும்" என்பார். அக்கறையால் சொல்வதுதான். ஆனால் அந்தப் பேச்சைக் கேட்டு நின்றுபோன பத்து நிமிஷம் ஒரு பிள்ளையின் உயிரை எடுத்துவிடும். முகாம் தொடங்கும் நாளிலேயே பெற்றோர் கூட்டத்தில் இதைச் சொல்லிவிடுங்கள், அன்றைக்கு யாரோடும் வாதாட நேரம் இருக்காது. அப்புறம், குழப்பத்தில் இருக்கிற பிள்ளையின் வாயில் சோடா, தண்ணீர் எதையும் ஊற்றாதீர்கள், நுரையீரலுக்குள் போய்விடும். பாராசிட்டமால் மாத்திரையும் வேண்டாம். அது காய்ச்சலுக்கு வேலை செய்கிற மருந்து. இந்தச் சூட்டை அது இறக்காது, ஏற்கெனவே அடி வாங்கிய ஈரலுக்கு இன்னொரு சுமைதான்.

இனி உங்கள் அட்டவணை. நடு மதியத்தை விட்டுவிட்டோம் என்று எழுதியிருக்கிறீர்கள். சூரியன் உச்சியில் நிற்பது பன்னிரண்டே காலுக்குள். ஆனால் காற்றின் சூடு உச்சத்துக்குப் போவது மதியம் இரண்டிலிருந்து நான்குக்குள். திருச்சி மாதிரி கடல் காற்று எட்டாத ஊரில் அந்தச் சூடு ஐந்து வரை இறங்காது. நாளெல்லாம் வெந்த செம்மண் தரையும் சிமெண்ட் படிகளும் கீழேயிருந்து திருப்பி அடிக்கும். அதனால் உங்கள் 3.30 மணி பாதுகாப்பான மாலை இல்லை, நாளின் மிக மோசமான நேரம். சென்னையில் மதியத்துக்கு மேல் கடல் காற்று வந்து சூட்டைக் குறைக்கும், ஆனால் ஈரத்தைக் கூட்டும். அங்கே ஈரமான 33 டிகிரி இங்கே காய்ந்த 39 டிகிரியைவிடப் பிள்ளைகளைச் சீக்கிரம் சாய்த்துவிடும், வியர்வை காயாது. போனில் தெரிகிற எண் எங்கோ ஒரு நிலையத்தில் நிழலில் எடுத்தது. உங்கள் மைதானத்து நடுவில் வெயிலையும் ஈரத்தையும் சேர்த்து அளக்க டபிள்யூ.பி.ஜி.டி. என்கிற கருவி இருக்கிறது. பள்ளி வாங்கித் தந்தால் நல்லது.

என் யோசனை இது. காலை 5.45-க்குத் தொடங்கி 7.45-க்கு முடியுங்கள். மாலை 5.15-க்குத் தொடங்கி 6.30-க்கு முடியுங்கள், அதுவும் எல்லா நாளும் வேண்டாம். கடினமான ஓட்டங்களைக் காலை 6 முதல் 6.40-க்குள் முடித்துவிட்டு, பிறகு பந்து வேலைக்குப் போங்கள். நாம் எல்லோரும் வேக ஓட்டத்தைக் கடைசியில் வைத்துப் பழகிவிட்டோம். அந்த நேரத்தில் வெயிலும் ஏறியிருக்கும், உடம்புக்குள் ஒன்றரை மணி நேரச் சூடும் தேங்கியிருக்கும், தண்ணீரும் குறைந்திருக்கும். எங்கள் பையன் விழுந்ததும் அந்தக் கடைசிப் பதினைந்து நிமிஷத்தில்தான். தண்டனைக்கு ஓட விடுவதை அடியோடு நிறுத்துங்கள். சோர்ந்து போய்ச் சொன்னதைச் செய்ய முடியாத பிள்ளைதான் அடங்காத பிள்ளையாகத் தெரியும், அவனைத்தான் நாம் கூடுதலாக ஓட விடுவோம்.

இருபது நாளையும் ஒரே மாதிரி நடத்துவதுதான் இன்னொரு பெரிய பிழை. உடம்பு வெயிலுக்குப் பழக ஏழிலிருந்து பதினான்கு நாள் ஆகும். பழகிய உடம்பில் வியர்வை சீக்கிரம் தொடங்கும், நிறைய வரும், அதில் உப்பு குறைவாகப் போகும், ரத்தத்தின் அளவும் கூடும். அதனால் முதல் ஐந்து நாள் ஒரு வேளைதான் பயிற்சி. முதல் மூன்று நாள் காலையில் ஒரு மணி நேரம், பாதி வேகத்தில். நான்கும் ஐந்தும் ஒன்றேகால் மணி நேரம். ஆறாம் நாளிலிருந்து ஒரு நாள் விட்டு ஒரு நாள் மாலையும் சேர்க்கலாம், முக்கால் மணி நேரம், பந்து வேலை மட்டும். பத்தாம் நாளுக்குப் பிறகு முழு அட்டவணை. எட்டாம் நாள் புதிதாக ஒரு பிள்ளை வந்து சேர்ந்தால் அவனுக்கு அது முதல் நாள்தான், எட்டாம் நாள் இல்லை. இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

இடைப்பட்ட நேரத்தில் பிள்ளைகள் எங்கே இருக்கிறார்கள் என்றும் பாருங்கள். தகரக் கூரைக்குக் கீழே மதியம் முழுக்கப் புரண்டுகொண்டிருந்துவிட்டு மாலைக்கு வருகிற பிள்ளை, காலைச் சூட்டை இறக்கவே இல்லை. ஓட்டுக் கட்டிடமோ, மரத்தடியோ, மின்விசிறி ஓடுகிற கீழ்த்தள வகுப்பறையோ ஏற்பாடு செய்யுங்கள்.

தண்ணீர் விஷயத்தில் ஒன்றே ஒன்று. பயிற்சிக்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள். 45.2 கிலோவில் வந்த பிள்ளை 44.1-இல் போனால், குடித்ததற்கு மேல் ஒரு லிட்டருக்குக் கொஞ்சம் கூடுதலான தண்ணீர் உடம்பிலிருந்து போயிருக்கிறது. அது உடல் எடையில் இரண்டு சதவீதத்துக்கு மேல், நாளைக்கு அந்தப் பிள்ளைக்குக் குடிக்கிற இடைவேளையைக் கூட்ட வேண்டும். மறுநாள் காலையும் எடை ஏறாமல் வந்தால் அன்றைக்கு லேசான வேலைதான். எடை கூடிப் போனால் தேவைக்கு மேல் வெறும் தண்ணீர் குடிக்கிறது, அதுவும் ஆபத்துதான், ரத்தத்தில் உப்பு நீர்த்துப்போகும். பெண் பிள்ளைகள் இருந்தால் கழிப்பறையை முதலில் பாருங்கள். கதவு பூட்டாத, தண்ணீர் வராத கழிப்பறை இருக்கிற பள்ளியில் அவர்கள் காலையிலிருந்து வேண்டுமென்றே குடிக்காமல் வருவார்கள், நம்மிடம் சொல்லவும் மாட்டார்கள்.

தினமும் தொடங்கும்போது வரிசையில் நிற்க வைத்து எல்லோர் முன்னாலும் "யாருக்காவது உடம்பு சரியில்லையா?" என்று கேட்டால் ஒருவரும் கை தூக்க மாட்டார்கள். எடை பார்க்கிற இடத்தில் தனித்தனியாகக் கேளுங்கள். காய்ச்சல், வயிற்றுப்போக்கு, ராத்திரி தூக்கமின்மை, சளிக்குத் தூக்கம் வரவைக்கிற மருந்து, நேற்றே தலைவலி, இதில் ஏதாவது ஒன்று இருந்தால் அன்று உட்கார்ந்து பார்க்கட்டும். அதனால் அணியில் இடம் போகாது என்று முதல் நாளே வாய் திறந்து சொல்லுங்கள். எங்கள் பையனிடம் யாரும் அதைச் சொல்லியிருக்கவில்லை.

போன வருஷம் விழுந்த உங்கள் பிள்ளைக்கு வந்தது என்ன என்று இங்கிருந்து என்னால் சொல்ல முடியாது. விழுவதற்கு முன் அவன் பேச்சும் நடையும் எப்படி இருந்தன என்று கூட ஓடிய பிள்ளைகளைக் கேளுங்கள், அவர்களுக்கு நினைவிருக்கும். குழப்பம் இருந்தது, தெளிய வெகுநேரம் ஆனது, அன்றோ மறுநாளோ சிறுநீர் கறுத்து வந்தது என்றால் அது வெயில்தான் என்று நினைத்துக்கொள்ளுங்கள். இந்த வருஷமும் அவன் வருவதாக இருந்தால், முகாமுக்கு முன்னால் மருத்துவரிடம் அனுப்பி எழுத்தில் அனுமதி வாங்குங்கள். இதயத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். பத்து நாளுக்குப் பதில் பதினான்கு நாள் அவனுக்கு மெதுவாகப் போகட்டும். அவன் பக்கத்தில் ஓட, அவனை நன்றாகத் தெரிந்த ஒரு கூட்டாளியைப் போடுங்கள். பேச்சு மாறினால் முதலில் அந்தப் பிள்ளைக்குத்தான் தெரியும். "சார், இவன் ஒரு மாதிரி பேசுறான்" என்று வந்து சொன்னால் அந்த நிமிஷமே விசில் ஊதுங்கள்.